பில் கொடுத்தும் பணம் வரவில்லையா? பி.ஓ. எண்ணிலிருந்து தேடத் தொடங்குங்கள்

திருநெல்வேலி அருகே கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சப்ளையர் பில்களைப் பார்ப்பது என் வேலை. ஜங்ஷன் பக்கத்து ஹார்டுவேர் கடை, பேட்டையின் அட்டைப்பெட்டி யூனிட், தச்சநல்லூர் லேத் பட்டறை, புனலூரிலிருந்து செங்கோட்டை வழியாக ரப்பர் சாமான் அனுப்புகிறவர் என்று பல தரப்பிலிருந்தும் பில் வரும். தொலைபேசியில் வரும் கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: "தம்பி, சரக்கு கொடுத்து ஒரு மாதம் ஆகிறது, பணம் இன்னும் வரவில்லையே?"

பெரும்பாலும் பணம் இல்லாததால் அது நிற்பதில்லை. பில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்கும் வழியை அறிகுறிவாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். வாங்கும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதினாலும், சப்ளையரும் படித்தால் பாதித் தொல்லை குறையும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். பில் வந்ததும் நாங்கள் மூன்று காகிதங்களை ஒப்பிடுகிறோம். இன்ன பொருள், இன்ன விலை, இத்தனை என்று நாங்கள் கொடுத்த கொள்முதல் ஆணை, அதாவது பி.ஓ. ஒன்று. வாசலில் சரக்கு இறங்கியதும் ஸ்டோர்ஸ் எண்ணிப் பார்த்துப் போடும் சரக்கு வரவுச் சீட்டு, எல்லாரும் சொல்லும் ஜி.ஆர்.என்., இரண்டாவது. சப்ளையர் கொடுத்த பில் மூன்றாவது. மூன்றும் ஒத்துப்போனால் பில் பாஸ் ஆகும். இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டும் கயிறு பி.ஓ. எண். பில்லைப் பதிவு செய்பவர் கணினியில் முதலில் தட்டுவதே அந்த எண்ணைத்தான். தட்டினால்தான் ஆணையும் சரக்கு வரவும் திரையில் வரும். எண் இல்லையென்றால் அந்தப் பில் 'விசாரிக்க வேண்டியவை' தட்டுக்குப் போகிறது. அங்கே போன பில்லை யாராவது தொலைபேசியில் நினைவுபடுத்தும் வரை ஒருவரும் தொடுவதில்லை.

அறிகுறி: பில்லில் பி.ஓ. எண்ணே இல்லை

இதுதான் மிக அதிகம். சப்ளையர் அலட்சியமாக இருக்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். அவருடைய கடையில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் எண் எங்கே தொலைகிறது என்பது புரியும். ஆணையை வாங்குகிறவர் முதலாளி. அது அவர் கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வருகிறது. சரக்கை எடுத்துக் கட்டி வண்டியில் ஏற்றுகிறவர் கடைப் பையன். அவரிடம் இருப்பது முதலாளி துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த பொருள்களும் எண்ணிக்கையும். பில் போடுகிறவர் பல இடங்களில் மாலை நேரத்துக்கு மட்டும் வரும் கணக்கர். அவர் அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்துத்தான் பில் போடுகிறார். பி.ஓ. எண் முதலாளியின் கைப்பேசியை விட்டு நகரவே இல்லை.

சட்டமும் அந்தக் கணக்கருக்கு இதை நினைவூட்டுவதில்லை. வரிப் பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதிகளின் 46-ஆம் விதி சொல்கிறது. விற்பவர், வாங்குபவர் இருவருடைய பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், 16 எழுத்துக்கு மேற்படாத பில் எண், தேதி, பொருளின் விவரம், எச்.எஸ்.என். குறியீடு, அளவும் அலகும், வரிக்கு உட்பட்ட மதிப்பு, வரி விகிதம், வரித்தொகை, கையொப்பம் என்று பட்டியல் போகிறது. அதில் பி.ஓ. எண் இல்லை. ஆகவே "எங்கள் பில் சட்டப்படி சரி" என்று அவர் சொன்னால், அவர் சொல்வதும் சரிதான். பி.ஓ. எண் நம்முடைய தேவை. அதனால் அதை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

"பில்லில் அதற்கு இடமே இல்லை" என்று சொல்கிறவர்களும் உண்டு. டாலியில் அச்சிட்ட எந்தப் பில்லையும் கையில் எடுத்து வலது பக்க மேல்கட்டங்களைப் பாருங்கள். `Buyer's Order No.` என்று ஒரு கட்டம், அதன் பக்கத்திலேயே `Dated` என்று இன்னொரு கட்டம். நம் வட்டாரத்தில் வரும் பில்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டும் வெறுமையாகவே இருக்கும். விற்பனைப் பதிவில் வாடிக்கையாளர் பெயரைத் தேர்ந்ததும் ஆணை விவரம் கேட்கும் ஒரு சிறு சாளரம் திறக்கும். அங்கே `Order No(s)` என்ற இடத்தில் தட்டினால் அது பில்லில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாளரம் திறக்கவே இல்லையென்றால், அதே பதிவில் F12 அழுத்தி `Provide Dispatch, Order, and Export details` என்பதை `Yes` ஆக்க வேண்டும். கணக்கர்கள் பலர் வேகத்துக்காக அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். இதைத் தொலைபேசியில் ஒருமுறை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால், அந்தச் சப்ளையரிடமிருந்து அதன்பின் எண் இல்லாத பில் வருவது அபூர்வம்.

மின்-இன்வாய்ஸ் போடும் சப்ளையர்களுக்கும், அதாவது ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கும், இதற்கு இடம் உண்டு. அந்தப் படிவத்தில் `PORefr`, `PORefDt` என்று இரண்டு புலங்கள் இருக்கின்றன. கட்டாயமில்லை என்பதால் மென்பொருள்காரர்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. கேட்டால் சேர்த்துக் கொடுப்பார்கள்.

இது இனி வரும் பில்களுக்கான வழி. ஏற்கெனவே வந்துவிட்ட பில்லை என்ன செய்வது? இங்கேதான் பெரிய குழப்பம் நடக்கிறது. பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டு "பி.ஓ. எண்ணோடு புதிய பில் தாருங்கள்" என்று நாம் எழுதிவிடுகிறோம். புதிய பில் என்ற சொல்லைச் சப்ளையரின் கணக்கர் அப்படியே எடுத்துக்கொள்கிறார்.

ஒரு ஹார்டுவேர் கடையோடு நடந்ததைச் சொல்கிறேன். பில் எண் 418. வரிக்கு முன் மதிப்பு 40,000 ரூபாய், 18 சதவீத வரி 7,200, ஆக மொத்தம் 47,200. பி.ஓ. எண் இல்லாததால் திரும்பிப் போனது. கணக்கர் பி.ஓ. எண்ணைப் போட்டு, புதிய தேதியில், 431 என்ற எண்ணில் இன்னொரு பில் அனுப்பினார். பழைய 418-ஐ அவர் நீக்கவில்லை. மாதம் முடிந்து விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்தபோது இரண்டும் சேர்ந்து ஏறிவிட்டன. சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டி 14-ஆம் தேதி எங்களுக்கு வந்த 2பி அறிக்கையில் ஒரே சரக்குக்கு இரண்டு பில், 80,000 ரூபாய் மதிப்பு. கடைக்கார அண்ணாச்சி தலையில் தேவையில்லாத 7,200 ரூபாய் வரி. எங்கள் பக்கம் ஒரு பில்லுக்குத்தான் ஜி.ஆர்.என். இருக்கிறது. ஒரு எண் விடுபட்டதற்காக இரண்டு தரப்பின் தணிக்கையாளர்களும் கேள்வி கேட்கும் நிலை.

அதைச் சரிசெய்ய 431-க்கு எதிராக வரவுக் குறிப்பு, அதாவது கிரெடிட் நோட், போடச் சொன்னோம். 418-ஐ நீக்காமல் 431-ஐ ஏன் நீக்கினோம் என்றால், சரக்கு வண்டியில் வந்தபோது கூட வந்த பில் 418. வாசல் பதிவேட்டிலும் ஜி.ஆர்.என்.-இலும் இருப்பது அந்த எண். சரக்கோடு பயணித்த பில்தான் நிலைக்க வேண்டும்.

ஆகவே வந்துவிட்ட பில்லில் பி.ஓ. எண் மட்டும் இல்லையென்றால், கேட்க வேண்டியது இரண்டில் ஒன்றுதான். அதே பில் எண், அதே தேதி, அதே தொகை. ஆணை எண் கட்டத்தை மட்டும் நிரப்பி மறு அச்சு. இல்லாவிட்டால், கடையின் லெட்டர்ஹெட்டில் "எங்கள் பில் எண் 418, உங்கள் பி.ஓ. எண் இன்னதற்கு உரியது" என்று ஒரு வரியில் கையொப்பமிட்ட கடிதம். பி.ஓ. எண் 46-ஆம் விதியின் கட்டாயப் பட்டியலில் இல்லாததால், அதற்காகப் பில்லை ரத்துசெய்ய வேண்டிய அவசியமே இல்லை. மின்-இன்வாய்ஸ் என்றால் இன்னும் கவனம் தேவை. ஐ.ஆர்.என். என்ற பதிவு எண்ணை வாங்கிய 24 மணி நேரத்துக்குள் மட்டுமே தளத்தில் ரத்துசெய்ய முடியும். ரத்துசெய்த பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. பி.ஓ. எண்ணுக்காக அந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

நம் பிரிவிலேயே யாராவது பேனாவை எடுத்து எண்ணை எழுதிவிடுவது உண்டு. வேகமான வழிதான். ஆனால் அந்தப் பில்லை அந்த ஆணையோடு இணைத்தது சப்ளையரா, நாமா என்பதற்குப் பிறகு சாட்சி இருக்காது. ஒரே கடைக்கு ஒரே பொருளுக்கு மூன்று ஆணைகள் திறந்திருக்கும்போது தவறான ஆணையில் பில் ஏறிவிட்டால், மூன்றுமே குழம்பிவிடும்.

அறிகுறி: எண் இருக்கிறது, ஆனால் 'அப்படி ஓர் ஆணை இல்லை' என்கிறது கணினி

நாம் அனுப்பிய பி.ஓ.-வை ஒரு புதிய ஆள் பார்ப்பதுபோல் எடுத்துப் பாருங்கள். மேலே விலைப்புள்ளி எண், உள் கோரிக்கை எண், பி.ஓ. எண், சப்ளையர் குறியீடு எல்லாம் ஒரே அளவு எழுத்தில் வரிசையாக இருக்கும். பில் போடுகிறவர் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து எழுதிவிடுகிறார். பத்து இலக்க எண் என்றால் நடுவில் வரும் பூஜ்யங்களில் ஒன்று விழுந்துவிடுவதும் வழக்கம்.

இது நம் பக்கத்துக் கோளாறு. பி.ஓ. படிவத்தின் தலையில் எண்ணைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டி, கீழே "பில்லில் இந்த எண்ணை எழுதவும்" என்று தமிழில் ஒரு வரி சேர்த்தாலே பாதி சரியாகிவிடும். எங்கள் படிவத்தில் அந்த வரி முன்பு ஆங்கிலத்தில், பின்பக்க நிபந்தனைகளுக்கு நடுவே பொடி எழுத்தில் இருந்தது. அதை யார் படிப்பார்கள்?

அறிகுறி: எண் சரி, அளவு ஒத்துப்போகவில்லை

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, சரக்கு பகுதி பகுதியாக வருவது. 60 வி-பெல்ட்டுக்கு ஆணை கொடுக்கிறோம். கடையில் 40 இருக்கிறது. மீதி மதுரையிலிருந்து வர வேண்டும். 40-ஐ அனுப்பிவிட்டு, "எப்படியும் மீதியும் கொடுக்கத்தானே போகிறோம்" என்று 60-க்கும் பில் போட்டுவிடுகிறார்கள். ஜி.ஆர்.என்.-இல் 40 தான் இருக்கும். கணினி 20-க்கான பணத்தை மட்டும் நிறுத்தினால் பரவாயில்லை. பல நிறுவனங்களில் பில் முழுவதுமே நின்றுவிடுகிறது.

சப்ளையரிடம் சொல்ல வேண்டியது எளிது. வண்டியில் எத்தனை ஏறுகிறதோ அத்தனைக்கு மட்டும் பில். 40-க்கு ஒரு பில், மீதி 20 வரும்போது அதே பி.ஓ. எண்ணோடு இன்னொரு பில். ஒரு பி.ஓ.-வுக்கு எத்தனை பில் வந்தாலும் எங்களுக்குச் சிரமமில்லை. ஒரே பில்லில் இரண்டு பி.ஓ. சரக்கைக் கலப்பதுதான் சிரமம். இரண்டு ஆணைச் சரக்கும் ஒரே வண்டியில் வரலாம். பில் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். 60-க்கு ஏற்கெனவே பில் போட்டாயிற்று, மீதி வரத் தாமதமாகும் என்றால் 20-க்குச் சப்ளையர் கிரெடிட் நோட் தர வேண்டும், அதில் மூலப் பில் எண்ணும் இருக்க வேண்டும். நாம் நம் கணக்கில் டெபிட் நோட் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது நம் புத்தகத்துக்குச் சரி. ஆனால் அவருடைய ஜி.எஸ்.டி. பொறுப்பு அவர் போடும் கிரெடிட் நோட்டால்தான் குறையும்.

இரண்டாவது வகை, அலகு மாறுவது. இது வெளியே தெரியாது. தொகை காசு பிசகாமல் சரியாக இருக்கும், ஆனாலும் பில் பாஸ் ஆகாது. 400 போல்ட்டுக்கு ஒன்று 9 ரூபாய் வீதம் 3,600 ரூபாய்க்கு ஆணை போட்டோம் என்று வையுங்கள். போல்ட்டைக் கடைக்காரர் எண்ணி விற்பதில்லை, தராசில் போட்டு விற்கிறார். ஒரு போல்ட் 60 கிராம் என்றால் 400 போல்ட் 24 கிலோ. கிலோ 150 ரூபாய் வீதம் அவரும் 3,600 ரூபாய்க்குத்தான் பில் போடுகிறார். மனிதர் பார்த்தால் ஒரே கணக்கு. கணினி பார்த்தால், 400 வர வேண்டிய இடத்தில் 24; 9 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 150. இரண்டு கோட்டிலும் சிவப்பு.

இதைக் கண்டுபிடிக்கும் வழி: நின்றிருக்கும் பில்லின் மொத்தம் ஆணையின் மொத்தத்தோடு ஒத்துப்போனால், முதலில் அலகைப் பாருங்கள். எண்ணிக்கையா கிலோவா, மீட்டரா சுருளா, ஷீட்டா சதுர அடியா, பெயின்ட் என்றால் லிட்டரா டின்னா. தீர்வு பில்லில் இல்லை, ஆணையில் இருக்கிறது. கடையில் எந்த அலகில் விற்கிறார்களோ அந்த அலகிலேயே பி.ஓ. போடச் சொல்லிக் கொள்முதல் பிரிவிடம் கேளுங்கள். போல்ட்டை எண்ணி விற்கும்படி அண்ணாச்சியை மாற்றுவதைவிட நம் ஆணையைக் கிலோவுக்கு மாற்றுவது சுலபம்.

அறிகுறி: விலை கூடுதலாக இருக்கிறது

பொருளின் விலை ஏறியதால் வரும் கூடுதலை எளிதில் புரிந்துகொள்ளலாம். இரும்பு விலை ஏறிவிட்டது என்று சப்ளையர் கொள்முதல் அதிகாரியிடம் பேசுகிறார், அவரும் சரி என்கிறார், ஆணையை மட்டும் திருத்துவதில்லை. பில் புது விலையில், ஆணை பழைய விலையில். சப்ளையருக்கு ஒரே அறிவுரை: திருத்திய பி.ஓ. கையில் வரும் வரை சரக்கை ஏற்ற வேண்டாம். வாய்வார்த்தை கணக்குப் பிரிவு வரைக்கும் வந்து சேராது.

அதிகம் தடுமாற வைப்பது வண்டி வாடகை. 'இடத்தில் சேர்த்துக் கொடுக்கும் விலை' என்று ஆணையில் இருக்கும். பில்லில் ஏற்றுக்கூலியும் வாடகையுமாக 650 ரூபாய் தனி இனமாக வரும். அதுவும் வரித்தொகைக்குக் கீழே, வரி போடாமல், கையால் எழுதிச் சேர்த்திருப்பார்கள். இதில் இரண்டு தவறுகள். ஆணையில் இல்லாத இனம் என்பதால் எங்களால் பாஸ் செய்ய முடியாது. சப்ளையர் தம் பில்லிலேயே வாங்கும் வாடகை சரக்கு மதிப்போடு சேர்ந்தது. சரக்குக்கு என்ன வரியோ அதே வரி அதற்கும் போட வேண்டும். ஆகவே வாடகை தனி என்று பேசியிருந்தால் அதைப் பி.ஓ.-விலேயே ஒரு தனி இனமாகப் போடச் சொல்லிச் சப்ளையர் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பார்சல் லாரியில் டு-பே முறையில் நாங்களே வாடகை கட்டி எடுத்தால் பில்லில் அந்த இனமே வரக் கூடாது. எப்போதோ கட்டிய வாடகையைப் பில்லிலும் பார்த்துக் குழம்பிய சம்பவங்கள் நிறைய.

அறிகுறி: "எங்களுக்குப் பில்லே வரவில்லை"

சப்ளையர் கொடுத்திருப்பார். யாரிடம் என்பதுதான் கேள்வி. ஓட்டுநர் வாசலில் காவலாளியிடம் கொடுத்தது, ஸ்டோர்ஸ் மேசையில் இருப்பது, கொள்முதல் அதிகாரியின் வாட்ஸ்அப்பில் சாய்ந்த புகைப்படமாகக் கிடப்பது. சரக்கோடு ஒரு பிரதி வரட்டும். கணக்குக்கென்று ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரியைச் சொல்லி, அதற்கு ஒரு பில்லுக்கு ஒரு பி.டி.எஃப். என்று அனுப்பச் சொல்லுங்கள். தலைப்பில் இப்படி எழுதச் சொன்னால் தேடுவது எளிது:

```
PO 4500012683 / Bill 418
```

இரண்டு வழியிலும் ஒரே பில் வரும்போது இரட்டைப் பதிவு ஆகாமல் இருக்க, பில் எண்ணை அச்சில் உள்ளபடியே முழுதாகத் தட்ட வேண்டும். ஒருவர் `TVL/25-26/0418` என்றும் இன்னொருவர் `418` என்றும் பதிவு செய்தால் கணினிக்கு இரண்டும் வேறு பில். நேர்மாறான கோளாறும் உண்டு. பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்பாமல் இருந்தால் போதும் என்பது விதி. ஏப்ரலில் மறுபடி 1-இலிருந்து தொடங்கும் கடைகள் ஏராளம். போன ஆண்டும் 112, இந்த ஆண்டும் 112 என்றால் சில மென்பொருள்கள் 'ஏற்கெனவே உள்ளது' என்று தள்ளிவிடும். ஆண்டைப் பில் எண்ணுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளச் சொன்னால் இந்தத் தொல்லை தீரும், 16 எழுத்துக்குள் அடங்கவும் செய்யும்.

அறிகுறி: எல்லாம் சரி, வரித்தொகை மட்டும் நிற்கிறது

சப்ளையர் அந்தப் பில்லை ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் ஏற்றவில்லை, அல்லது நம் ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து பிசகிவிட்டது. மாதந்தோறும் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். 14-ஆம் தேதி உருவாகும் 2பி-யில் அது தெரிய வேண்டும். அதில் தெரியாத வரியை எங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் வரவாக எங்களால் எடுக்க முடியாது. சரக்கின் விலையைக் கொடுத்துவிட்டு வரியை மட்டும் பிடித்து வைக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறு கடைகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் 13-ஆம் தேதிக்குள் பில்லை மட்டும் ஏற்றிவிடும் வசதி உண்டு. அண்ணாச்சியின் கணக்கருக்கு இதை நினைவூட்டிவிடுங்கள். கேரளச் சப்ளையர் என்றால் அவருடைய ஜி.எஸ்.டி. எண் 32-இல் தொடங்கும், நம்முடையது 33. அந்தப் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. இருக்க வேண்டும், மத்திய வரி, மாநில வரி என்று பிரித்துப் போட்டிருந்தால் அந்தப் பில்லைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

அறிகுறி: எழுத எண்ணே இல்லை

மிஷின் நின்றுவிட்டது, பேரிங் உடனே வேண்டும். பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் கடைக்கு அழைத்து, "அண்ணாச்சி, பையனிடம் கொடுத்துவிடுங்கள், ஆணை பிறகு வரும்" என்கிறார். அண்ணாச்சியும் நம்பிக் கொடுக்கிறார். சரக்கோடு பில் வருகிறது; பி.ஓ. இல்லை. இப்படி வந்த பில்லைத் திருப்பி அனுப்பி எண் எழுதச் சொல்வது நியாயமே இல்லை. நாம் கொடுக்காத எண்ணை அவர் எங்கிருந்து எழுதுவார்? சில நாட்கள் கழித்து ஆணை போட்டால் அதன் தேதி பில் தேதிக்குப் பின்னால் இருக்கும், அதையும் தணிக்கை கேட்கும்.

அவசரத்தை ஒழிக்க முடியாது, ஆகவே அதற்கென்று ஒரு வழி செய்துகொள்வதே நல்லது. அடிக்கடி வாங்கும் கடைக்கு ஆண்டுக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு திறந்த ஆணை, உச்சத் தொகையோடு, பொருள்வாரி விலைப்பட்டியலோடு. அந்த எண் கடைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கட்டும். அவசரச் சரக்குக்கு அந்த எண்ணையே எழுதலாம். திறந்த ஆணை இல்லாத கடை என்றால், அழைப்பவர் குறைந்தது கொள்முதல் பிரிவிடம் எண்ணை வாங்கிக்கொண்டு அழைக்க வேண்டும். கணினியில் எண் எடுப்பதற்கு ஆகும் நேரம், பையன் வண்டியை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போகும் நேரத்தைவிடக் குறைவு.

சப்ளையர்களுக்கு என்ன எழுதுவது

பெரிய சுற்றறிக்கை வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் அது முதலாளியின் மேசையிலேயே நின்றுவிடும். எழுத வேண்டியது பில் போடுகிறவருக்கு. ஆகவே முதலாளியிடம் "உங்கள் கணக்கர் எண்ணைக் கொடுங்கள்" என்று கேட்டு அவருக்கே அனுப்புங்கள். நாங்கள் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஐயா, வணக்கம். எங்களுக்குப் போடும் ஒவ்வொரு பில்லிலும் `Buyer's Order No.` கட்டத்தில் எங்கள் பி.ஓ. எண்ணையும் `Dated` கட்டத்தில் அதன் தேதியையும் தட்டவும். ஒரு பில்லில் ஒரு பி.ஓ. சரக்கு மட்டும். பொருள்களைப் பி.ஓ.-வில் உள்ள அதே வரிசையில், அதே அலகில் போடவும். வண்டியில் ஏறிய அளவுக்கு மட்டும் பில் போடவும். பில்லில் ஏதாவது விடுபட்டால் புதிய பில் போட வேண்டாம், எங்களை அழைக்கவும்."

கூடவே, சரியாக நிரப்பிய பில் ஒன்றின் நகலில் அந்தக் கட்டங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு இணைத்துவிடுங்கள். சொல்லில் விளங்காதது அந்தப் படத்தில் விளங்கிவிடுகிறது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 418, 431 குழப்பம் அதனால்தான் மறுபடி வரவில்லை.

பில்லை எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம்

நிறைய கணக்குப் பிரிவுகள் இதில்தான் சறுக்குகின்றன. "பில் சரியாக வந்த நாளிலிருந்துதான் நாள் எண்ணுவோம்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருவோருக்கும் அது செல்லாது. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து பேசிக்கொண்ட கெடுவுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் கெடு எதுவும் பேசவில்லையென்றால் 15 நாள். சரக்கைப் பற்றி ஆட்சேபம் இருந்தால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த ஆட்சேபம் சரக்கையோ சேவையையோ ஏற்பது பற்றியது. பில்லில் பி.ஓ. எண் இல்லை என்பதால் கடிகாரம் நிற்கும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. தாமதமானால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல், அப்படிக் கெடு தாண்டிய பில் தொகையை வருமான வரிக் கணக்கில், பணம் உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. தச்சநல்லூர் லேத் பட்டறையும் பேட்டை அட்டைப்பெட்டி யூனிட்டும் இந்தக் கணக்கில் வருகின்றன. வாங்கி விற்கும் ஹார்டுவேர் கடைக்கு இந்தச் சட்டத்தின் தாமத வட்டிப் பாதுகாப்பு கிடையாது. அதனால் அவர் பில்லை மட்டும் சாவகாசமாகப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை, ஜி.எஸ்.டி.-யில் 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த வரி வரவைத் திருப்ப வேண்டியிருக்கும்.

ஆகவே 'விசாரிக்க வேண்டியவை' தட்டை வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது போதாது. பில் அங்கே விழுந்த அன்றோ மறுநாளோ சப்ளையருக்கு எழுத்தில் ஒரு செய்தி போக வேண்டும். எந்தப் பில், என்ன குறை, எப்படிச் சரிசெய்வது, யாரை அழைப்பது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். நாங்கள் அனுப்பும் ஒன்று:

"அண்ணாச்சி, பில் எண் 418, தொகை ரூ.47,200. பி.ஓ. எண் இல்லாததால் நிற்கிறது. எங்கள் பதிவில் இது பி.ஓ. 4500012683-க்கு உரியதாகத் தெரிகிறது. சரியென்றால், இதே பில் எண்ணில் இதே தேதியில் பி.ஓ. எண்ணைச் சேர்த்து மறு அச்சு அனுப்பவும். புதிய எண்ணில் பில் வேண்டாம். நாளை மதியத்துக்குள் வந்தால் இந்த வாரப் பட்டியலில் பணம் போய்விடும்."